64 எண்ணும் வரை மூச்சை அடக்கியவர்: குண்டலினியை ஏன் அவசரப்படுத்தக் கூடாது

ஒரு அம்மா தன் மகனைக் கூட்டிக்கொண்டு என் வகுப்புக்கு வந்தார். மகனுக்கு வயது 27, மென்பொருள் வேலை. "மாஸ்டர், பையன் நாலு நாளா தூங்கலை. கேட்டா குண்டலினி எழுந்திடுச்சுன்னு சொல்றான். நீங்க பார்த்து அதை இறக்கி விடுங்க" என்றார். பையன் சிரித்த முகமாக இருந்தார். களைப்பே இல்லை. நான் ஒரு கேள்வி கேட்டால் ஒன்பது பதில் வந்தது. உட்கார்ந்திருக்கும்போதே தலை இரண்டு முறை பின்னால் வெட்டி இழுத்தது.

அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். 20 வருஷமாக மூச்சுப் பயிற்சி சொல்லித் தருகிறேன். இப்படி வருகிறவர்கள் இப்போது அதிகம். வருகிற எல்லாரும் ஏறக்குறைய ஒரே தவறைத்தான் செய்திருக்கிறார்கள்.

முதலில் குண்டலினி என்று எதைச் சொல்கிறார்கள் என்று பார்த்துவிடலாம். முதுகெலும்பின் அடியில், மூலாதாரத்தில், மூன்றரைச் சுற்றுச் சுருண்டு உறங்கும் பாம்பு போல ஒரு சக்தி இருக்கிறது என்பது யோக மரபு. நம் மூச்சு வழக்கமாக இடகலை, பிங்கலை என்ற இரண்டு நாடிகள் வழியே மாறி மாறி ஓடுகிறது. இரண்டும் சமப்படும்போது நடுவில் உள்ள சுழுமுனை திறக்கும். சக்தி அதன் வழியே ஆதாரங்கள் என்ற சக்கரங்களை ஒவ்வொன்றாகக் கடந்து உச்சி வரை ஏறும். உடலை அறுத்துப் பார்த்தால் இந்த நாடிகள் தெரியாது. இது தியானத்தில் இருந்தவர்கள் தங்கள் அனுபவத்துக்கு வரைந்து வைத்த வரைபடம். நான் அதை அப்படித்தான் மதிக்கிறேன், அப்படித்தான் சொல்லியும் தருகிறேன்.

விநாயகர் அகவல் சொல்கிறவர்கள் இதைத் தினமும் சொல்கிறார்கள். 'மூலாதாரத்தின் மூண்டெழு கனலைக் காலால் எழுப்பும் கருத்தறிவித்தே' என்ற அடியில் வரும் 'கால்' என்பது பாதம் அல்ல, காற்று. மூச்சால் அந்தக் கனலை எழுப்பும் நுட்பத்தை எனக்கு அறிவித்தாய் என்கிறார் ஔவையார். அறிவித்தாய் என்ற இடத்தைக் கவனியுங்கள். நானே எழுப்பிக்கொண்டேன் என்று அவர் சொல்லவில்லை.

சரி, அந்தப் பையன் என்ன செய்தார்? ஏதோ காணொளியில் திருமந்திரத்தின் பிராணாயாமப் பாடல் ஒன்றைக் கேட்டிருக்கிறார். இடப்பக்கம் 16 அளவு மூச்சை இழுத்து, 64 அளவு உள்ளே நிறுத்தி, 32 அளவு வெளியே விட வேண்டும் என்பது பாடலின் கணக்கு. இவர் கைப்பேசியில் நிறுத்துகடிகாரத்தை வைத்துக்கொண்டு அதை அப்படியே வினாடியாக எடுத்துக்கொண்டார். 16, 64, 32 கூட்டினால் 112. ஒரே ஒரு மூச்சுக்கு ஏறக்குறைய 2 நிமிஷம்! பாடலில் வினாடி என்ற சொல்லே கிடையாது. ஆசிரியர்கள் இதை மாத்திரைக் கணக்காகத்தான் சொல்லித் தருவார்கள். கண் இமைக்கிற நேரம், விரல் நொடிக்கிற நேரம்தான் மாத்திரை என்று இலக்கண வகுப்பில் நாம் எல்லாரும் படித்ததுதானே.

அதைவிட முக்கியமானது, அது ஒரு விகிதம் என்பது. ஒரு பங்கு இழுத்து, நான்கு பங்கு நிறுத்தி, இரண்டு பங்கு விடுவது. 4 இழுத்து 16 நிறுத்தி 8 விட்டாலும் அதே கணக்குதான். அந்த 4:16:8-ஐக்கூட என்னிடம் வருகிறவர்களுக்கு நான் எடுத்த எடுப்பில் தருவதில்லை. முதல் மூன்று மாசம் நிறுத்துவதே கிடையாது. 4 எண்ணி இழுத்து 4 எண்ணி விடுவது, அப்புறம் விடுவதை மட்டும் 6, 8 என்று நீட்டுவது, அவ்வளவுதான். மூக்குத் துளைகளை மாற்றி மாற்றி இப்படிச் செய்வதுதான் நாடி சுத்தி. பலருக்கு இது சலிப்பாக இருக்கிறது. அந்தச் சலிப்பில்தான் ஆட்கள் காணொளி தேடிப் போகிறார்கள்.

64 வினாடி எப்படி முதல் வாரத்திலேயே முடிந்தது என்று கேட்டேன். "ஈஸியா வந்துச்சு மாஸ்டர், மூச்சே முட்டலை. அப்பவே தெரிஞ்சுது, இது வேற விஷயம்னு" என்றார். கும்பகத்துக்கு, அதாவது மூச்சை உள்ளே நிறுத்துவதற்கு, முன்னால் 200 பஸ்திரிகை செய்திருக்கிறார். கொல்லன் துருத்தி மாதிரி வேகமாக மூச்சை இழுத்து விடுகிற பயிற்சி அது.

மூச்சு முட்டாமல் இருந்ததற்குக் காரணம் சித்தி அல்ல. மூச்சு முட்டுகிறது என்ற உணர்வை நமக்குத் தருவது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவதல்ல, இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு கூடுவது. வேகமாக மூச்சு விட்டால் அந்தக் கார்பன் டை ஆக்சைடு வெளியே போய்விடுகிறது. அப்புறம் மூச்சை நிறுத்தினால் எச்சரிக்கை மணி தாமதமாகத்தான் அடிக்கும். ஆக்சிஜன் இறங்கிக்கொண்டே இருக்கும், நமக்கு ஒன்றும் தெரியாது. வேக மூச்சு விட்டுவிட்டுத் தண்ணீருக்குள் மூழ்குகிறவர்கள் உள்ளேயே நினைவிழப்பது இதனால்தான். கார்பன் டை ஆக்சைடு குறைந்தால் மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்களும் சுருங்கும். தலை லேசாகும், உதட்டைச் சுற்றி ஊறும், விரல்கள் தாமாக மடங்கும், கண்ணுக்குள் ஒளி தெரியும். இதையெல்லாம் அவர் ஆதாரம் ஒவ்வொன்றாகத் திறப்பதாக நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருந்தார். 11-ஆம் நாள் மணிபூரகம், 19-ஆம் நாள் அநாகதம்.

இதோடு அதிகாலை 3 மணிக்கு எழுந்தார், ஒரு வேளை மட்டும் சாப்பிட்டார், ஒரு மண்டலம் முடிக்க வேண்டும் என்று சங்கல்பம் வேறு. 30 நாள் தாண்டியதும் முதுகில் எறும்பு ஊர்வது போலவும் உச்சந்தலையில் தணல் வைத்தது போலவும் இருந்திருக்கிறது. பிறகு தூக்கம் போனது.

பழைய ஆசிரியர்களுக்குக் கார்பன் டை ஆக்சைடு தெரியாது. ஆனால் விளைவு தெரிந்திருந்தது. 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹடயோக பிரதீபிகையின் இரண்டாவது அத்தியாயம் சொல்வது இது: சிங்கத்தையும் யானையையும் புலியையும் எப்படி மெல்ல மெல்ல வசப்படுத்துகிறோமோ அப்படித்தான் மூச்சையும் வசப்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் அது பயிற்சி செய்கிறவனையே கொன்றுவிடும். முறையான பிராணாயாமத்தால் எல்லா நோயும் போகும், முறைதவறினால் எல்லா நோயும் வரும் என்று அடுத்த சுலோகம். அதற்கடுத்ததில் விக்கல், இளைப்பு, இருமல், தலைவலி, காதுவலி, கண்வலி என்று பட்டியலே இருக்கிறது. இதை எழுதியவர்கள் யோகத்தைக் குறை சொல்ல வந்தவர்கள் இல்லை, அதைச் சொல்லித் தந்தவர்கள்.

நம் காலத்தில் எழுதி வைக்கப்பட்ட சாட்சியும் உண்டு. ஜம்முவில் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்த கோபி கிருஷ்ணா, ஆசான் இல்லாமல் 17 வருஷம் உச்சந்தலையில் தாமரையை நினைத்துத் தியானம் செய்தவர். 1937 டிசம்பரில் ஒரு காலை, அருவி விழும் ஓசையோடு ஒளி முதுகெலும்பு வழியே ஏறியதாக எழுதியிருக்கிறார். அதற்குப் பின் நடந்ததைத்தான் பலர் படிப்பதில்லை. பசி போனது, தூக்கம் போனது, உடம்பு முழுக்க நெருப்பு. சாவின் விளிம்பு வரை போனார். நிலைப்படப் பல வருஷம் ஆனது. 17 வருஷம் உட்கார்ந்தவருக்கே அந்தக் கதி என்றால், 40 நாளில் எழுப்பித் தருகிறேன் என்கிற விளம்பரத்தை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

நம் ஊரில் வேதாத்திரி மகரிஷியின் எளியமுறை குண்டலினி யோகத்தில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. முதலில் புருவ நடுவில் ஆக்கினைத் தவம் தருவார்கள். அதற்கு அடுத்ததாக, உச்சிக்குப் போகும் முன்பே, கவனத்தை மூலாதாரத்துக்கு இறக்கும் சாந்தி தவத்தைத் தந்துவிடுவார்கள். நெற்றியில் அழுத்தம் தாங்கவில்லை என்றால் இறங்கி வர வழி தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் அதன் காரணம். காணொளி பார்த்து ஏறுகிறவருக்கு இந்த இறங்கும் வழியை யாரும் காட்டுவதில்லை.

அந்தப் பையன் விஷயத்துக்கு வருகிறேன். நான் அன்று எதையும் இறக்கவில்லை. மூச்சுப் பயிற்சி, தியானம், ஜபம் எல்லாவற்றையும் அன்றே நிறுத்தச் சொன்னேன். மூன்று வேளைச் சோறு, வெறுங்காலோடு நடை, அவ்வளவுதான். இங்கேதான் ஒரு சோதனை இருக்கிறது. பயிற்சியால் மட்டும் வந்த ஊறலும் உதறலும் சூடும், பயிற்சியை நிறுத்தி ஒழுங்காகச் சாப்பிட்டால் பொதுவாக நாளுக்கு நாள் தணியும். நிறுத்திய பிறகும் ஏறிக்கொண்டே போனால் அது யோகா மாஸ்டர் பார்க்கிற விஷயமே இல்லை.

இவர் விஷயத்தில் நான் சோதனைக்காகக் காத்திருக்கவும் இல்லை. தூங்காமலே களைப்பில்லாமல் இருப்பது, பேச்சு நிற்காமல் ஓடுவது, தனக்கு ஒரு பணி ஒப்படைக்கப்பட்டிருக்கிறது என்ற நம்பிக்கை, வேலையை விட மெயில் அனுப்பியது என்று எல்லாம் சேர்ந்திருந்தது. அம்மாவைத் தனியே கூப்பிட்டு, குடும்பத்தில் யாருக்காவது மனநல சிகிச்சை நடந்ததா என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, "அவங்க சித்தப்பா மாத்திரை சாப்பிடுறார்" என்றார். அன்று மாலையே மனநல மருத்துவரிடம் நானும் கூடப் போனேன். மனம் அளவுக்கு மீறி எழுச்சியடையும் நோய் என்றார் மருத்துவர். அந்தத் தன்மை ஏற்கெனவே உள்ளவருக்குத் தூக்கம் கெடுவது ஒன்றே அதைக் கிளப்பிவிடப் போதும். இவர் தூக்கம், சாப்பாடு, மூச்சு மூன்றையும் சேர்த்துக் கெடுத்திருந்தார்.

அம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. "மருந்து குடுத்தா அந்தச் சக்தி கெட்டுப் போயிடாதா மாஸ்டர்?" என்று கேட்டார். "அம்மா, அது சக்தியாவே இருந்தாலும் தூங்குற உடம்புலதான் தங்கும். முதல்ல பையன் தூங்கட்டும்" என்றேன். மூன்றாம் நாள் இரவு ஏழு மணி நேரம் தூங்கினார். தலை வெட்டுவது இரண்டு வாரத்தில் நின்றது. பேச்சு பழைய வேகத்துக்கு வர இரண்டு மாசம் ஆனது.

அதிலிருந்து புதிதாகச் சேர்கிறவர்களிடம் முதலிலேயே கேட்டுவிடுகிறேன். தனக்கோ இரத்த உறவிலோ மனநோய், தனக்கு வலிப்பு, உயர் இரத்த அழுத்தம், கண் நீர் அழுத்தம், கர்ப்பம், இதில் ஏதாவது இருந்தால் என்னிடம் கும்பகம் கிடையாது. மற்றவர்களுக்கும் மூக்குக்குக் கீழே ஒரு இழைப் பஞ்சைப் பிடித்துப் பார்ப்பேன். நிறுத்திய மூச்சை விடும்போது பஞ்சு துள்ளினால், அவர் தாங்கும் அளவைத் தாண்டி நிறுத்தியிருக்கிறார். அடுத்த மூச்சை வாயால் விழுங்குவது போல இழுத்தாலும் அதே அர்த்தம்தான். அப்போது எண்ணிக்கையைக் குறைத்துவிடுவேன்.

இதைப் படிக்கிற உங்கள் வீட்டில் யாராவது இரண்டு இரவு தொடர்ந்து தூங்காமல், குண்டலினி எழுந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தால் அவரோடு வாதம் செய்யாதீர்கள். பயிற்சியை நிறுத்தி, சாப்பிட வைத்து, மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். யாரிடம் போவது என்று தெரியவில்லை என்றால் 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் கேட்கலாம். சாகிறேன், பறந்து காட்டுகிறேன் என்கிற பேச்சு வந்தால் காத்திருக்க வேண்டாம், அந்த நிமிஷமே அருகிலுள்ள மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

அந்தப் பையன் இப்போது மருத்துவரின் சம்மதத்தோடு சனிக்கிழமை வகுப்புக்கு வருகிறார். 4 எண்ணி இழுத்து 6 எண்ணி விடுகிறார், நிறுத்துவது இல்லை. அந்தப் பழைய நோட்டை என்னிடமே கொடுத்துவிட்டார்.