ஒரு பில்லுக்குப் பிரித்துக் கட்டிய பணம் ஸ்டேட்மெண்டில் எங்கே உட்காருகிறது?

பொள்ளாச்சியில் பி.வி.சி. பைப் மொத்தமாக விற்கும் ஒரு கடை. கோபாலபுரம் தாண்டி கொழிஞ்சாம்பாறையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் ஒருவர் அங்கே கடனுக்குச் சரக்கு எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சரக்கு கேரளாவுக்குள் போவதால் பில்லில் ஐ.ஜி.எஸ்.டி. 18 சதவீதம். ஏப்ரல் 5 அன்று போட்ட 118-ஆம் நம்பர் பில்லில் சரக்கு 50,000, வரி 9,000, ஆக 59,000 ரூபாய். 30 நாள் கடன். மே 5க்குள் கட்ட வேண்டும்.

அவர் மொத்தமாகக் கட்டவில்லை. பாதியில் உடைந்த பைப் கொஞ்சம் திரும்பி வந்தது, இடையில் 131 என்று இன்னொரு பில்லும் விழுந்தது. மே 31 அன்று கடை அனுப்பும் ஸ்டேட்மெண்ட் இப்படி இருக்கும்:

| தேதி | விவரம் | பற்று | வரவு | பாக்கி |
|---|---|---|---|---|
| ஏப். 5 | பில் 118 | 59,000 | | 59,000 |
| ஏப். 20 | வங்கி வரவு | | 20,000 | 39,000 |
| மே 2 | கிரெடிட் நோட் | | 2,360 | 36,640 |
| மே 10 | பில் 131 | 35,400 | | 72,040 |
| மே 18 | செக் | | 25,000 | 47,040 |

கூட்டல் கழித்தலில் பிசகில்லை. உடைந்த பைப்பின் விலை 2,000, அதற்கான வரி 360, இரண்டும் சேர்ந்தே கழிந்திருக்கின்றன. ஆனால் 118-இல் இன்னும் எவ்வளவு நிற்கிறது என்பதற்கு இந்தத் தாளில் பதில் இல்லை. கடைசிக் கட்டத்தில் வருவது இரண்டு பில்லும் கலந்த பாக்கி.

அதற்குத்தான் பில்வாரிப் பாக்கி என்ற இன்னொரு தாள். அது சரியாக வருவதும் வராததும், ரசீது போடும்போது கணக்குப் பிள்ளை எடுக்கும் ஒரு சின்ன முடிவில் இருக்கிறது. டாலியில் செக் வரவைப் பதியும்போது, பில்வாரிக் கணக்கு வைத்திருந்தால், தொகை எதற்கு என்று கேட்கும். `Agst Ref` கொடுத்து 118-ஐத் தேர்ந்தெடுத்தால் அந்த பில்லில் 11,640, 131-இல் 35,400 நிற்கும். அவசரத்தில் `On Account` என்று விட்டுவிட்டால் 118-இல் 36,640, 131-இல் 35,400, தனியாக 25,000 கழிவு என்று வரும். தவறுதலாக 131-ஐத் தொட்டுவிட்டால் 118-இல் 36,640, 131-இல் 10,400. மூன்றிலும் மொத்தம் 47,040தான். மொத்தம் பொருந்துகிறதே என்று விட்டுவிடுவதால்தான் இந்தத் தவறு மாதக்கணக்கில் கண்ணில் படாமல் கிடக்கிறது.

மாறுவது பாக்கியின் வயது. கொஞ்சம் பணம் கட்டியதால் பில்லின் தேதி புதிதாகிவிடாது. மிச்சமிருக்கும் தொகைக்கும் மே 5தான் கெடு. ஆகவே மே 31 அன்று 26 நாள் தாண்டிய பாக்கி உண்மையில் 11,640. தப்பாகப் பதிந்தால் 36,640 தாண்டிய பாக்கியாகத் தெரியும். அடுத்த லோடை நிறுத்திவைக்க அந்த ஒரு எண் போதும்.

சரி, எந்த பில்லில் கழிப்பது என்று யார் முடிவு செய்வது? 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இதை 59 முதல் 61 வரையிலான பிரிவுகளில் சொல்கிறது. கட்டுகிறவர் இன்ன பில்லுக்கு என்று சொல்லிக் கொடுத்தால், வாங்குகிறவர் அதை ஏற்றால் அதிலேதான் கழிக்க வேண்டும். சொல்லவில்லை என்றால், கெடு வந்துவிட்ட கடன்களில் எதில் கழிப்பது என்பது வாங்குகிறவர் விருப்பம். இருவருமே எதுவும் சொல்லாவிட்டால் பழைய கடன் முதலில் கழியும். நம் கணக்கில் மே 18 அன்று 131-க்குக் கெடுவே வரவில்லை. எனவே கொழிஞ்சாம்பாறைக்காரர் வாய் திறக்காவிட்டாலும் அந்த 25,000 போக வேண்டிய இடம் 118தான்.

வாங்கியவருக்கு இதில் இன்னொரு கவலையும் உண்டு. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் கட்டாவிட்டால், கட்டாத பங்குக்கு எடுத்த உள்ளீட்டு வரி வரவை வட்டியோடு திருப்ப வேண்டும் என்பது ஜி.எஸ்.டி. விதி. பணம் கட்டியதும் அந்த வரவைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். 118-க்கு அந்தக் கெடு அக்டோபர் 2. அன்றும் 11,640 நின்றால் அதற்குள் இருக்கும் வரி சுமார் 1,776 ரூபாய். விற்றவர் நிலை வேறு: பணம் வந்தாலும் வராவிட்டாலும் ஏப்ரல் மாதக் கணக்கிலேயே 9,000 வரியையும் காட்டியாக வேண்டும்.

தவறைக் கண்டுபிடிக்க, பில்வாரித் தாளில் பில் நம்பர் இல்லாமல் ஒரு கழிவுத் தொகை தனியாகத் தொங்குகிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம், பழைய பில் பெரிய தொகையோடு நிற்க, புது பில் மட்டும் பாதி கழிந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டில் எது இருந்தாலும் பதிவைத் திறந்து, உரிய பில்லோடு இணைத்தால் சரியாகிவிடும். புது வவுச்சர் தேவையில்லை. பணம் அனுப்புகிறவர் வங்கிக் குறிப்பிலோ செக்கின் பின்புறமோ ‘பில் 118’ என்று எழுதிவிட்டால், இந்தத் தேடலுக்கே வேலை இருக்காது.