பேனல் வாடகையா, வெறும் விபிஎஸ்ஸா: மைன்கிராஃப்ட் சர்வர் எங்கே ஓட வேண்டும்?

நண்பர்கள் பத்துப் பதினைந்து பேருக்காக மைன்கிராஃப்ட் ஜாவா சர்வர் ஒன்றைத் தொடங்க நினைப்பவர் முன்னால் இரண்டு வகைக் கடைகள் இருக்கின்றன. ஒன்று கேம் ஹோஸ்டிங். பணம் கட்டிய கொஞ்ச நேரத்தில் பிரவுசரில் ஒரு பேனல் திறக்கும், ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் சர்வர் ஓடும். இன்னொன்று விபிஎஸ் எனப்படும் வெறும் வெர்ச்சுவல் மெஷின். கையில் கிடைப்பது ஒரு ஐபி முகவரி, ரூட் அனுமதி, கறுப்புத் திரை. மீதி உங்கள் பாடு. இரண்டையுமே இத்தனை ஜிபி ரேம், இத்தனை ரூபாய் என்றுதான் விற்கிறார்கள். புதிதாக வருபவரும் ரேமைப் பார்த்தே விலையை ஒப்பிடுகிறார். ஆனால் மைன்கிராஃப்ட் திணறுவது பெரும்பாலும் ரேமால் அல்ல.

சர்வர் தன் உலகத்தை நொடிக்கு 20 முறை நகர்த்துகிறது. இந்த ஒவ்வொரு நகர்வுக்கும் டிக் என்று பெயர். அப்படியானால் ஒரு டிக்குக்குக் கிடைப்பது 50 மில்லி செகண்ட். அதற்குள் ஒவ்வொரு மாடும் ஸாம்பியும் எங்கே நடக்க வேண்டும், பயிர் வளர்ந்ததா, ரெட்ஸ்டோன் சுற்றில் மின்சாரம் எங்கே போகிறது என்பதையெல்லாம் கணக்கிட்டு முடிக்க வேண்டும். இந்த வேலையில் பெரும்பங்கு ஒரே திரெட்டில், அதாவது ஒரு நேரத்தில் ஒரே ஒரு சிபியு கோரில்தான் நடக்கிறது. எட்டுக் கோர் இருந்தாலும் மற்ற ஏழும் இந்த முக்கிய வேலைக்குத் தோள் கொடுக்காது. ஒரு டிக் 50 மில்லி செகண்டைத் தாண்டினால் அடுத்தது தாமதமாகும். தாமதம் சேர்ந்துகொண்டே போனால் கன்சோலில் `Can't keep up! Is the server overloaded?` என்ற வரி வரும். உடைத்த கல் திரும்பவும் முளைக்கும், அடித்த அடி இரண்டு நொடி கழித்து விழும். ஆகவே வாங்கும்போது பார்க்க வேண்டியது அந்த ஒரு கோர் எவ்வளவு வேகம், அது எவ்வளவு நேரம் உங்களுக்கே உங்களுக்காக இருக்கும் என்பதைத்தான்.

இந்த இடத்தில்தான் இரண்டு வகையும் அடிப்படையில் வேறுபடுகின்றன. இரண்டிலுமே ஒரு பெரிய கணினியைப் பலருக்குக் கூறு போட்டுத்தான் தருகிறார்கள். எங்கே வெட்டுகிறார்கள் என்பதுதான் வித்தியாசம்.

கேம் ஹோஸ்டிங் கடைகளில் பல டெரோடாக்டைல் என்ற இலவசப் பேனலையோ அதன் வழிவந்தவற்றையோ பயன்படுத்துகின்றன. அதில் உங்கள் சர்வர் ஒரு டாக்கர் கன்டெய்னருக்குள் ஓடும். எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே லினக்ஸ் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி. தடுப்புச் சுவர் மட்டும் தனித்தனி. சிபியு அளவை அங்கே சதவீதத்தில் வைப்பார்கள். 100% என்றால் ஒரு கோர் அளவு. நமக்கும் ஒரு கோர்தானே வேண்டும், போதுமே என்று தோன்றும். போதாது.

காரணம் அந்த எல்லையை லினக்ஸ் அமல்படுத்தும் விதம். 100 மில்லி செகண்டை ஒரு சுற்றாக எடுத்துக்கொண்டு, அந்தச் சுற்றுக்குள் உங்கள் கன்டெய்னர் மொத்தம் எவ்வளவு சிபியு நேரம் செலவழித்தது என்று அது கூட்டிப் பார்க்கிறது. 100% எல்லை என்றால் சுற்றுக்கு 100 மில்லி செகண்ட் ஒதுக்கீடு. ஜாவாவுக்குப் பழைய நினைவகத்தைச் சுத்தம் செய்ய அவ்வப்போது குப்பை அள்ள வேண்டியிருக்கும். அதை அது ஒரே நேரத்தில் பல திரெட்டுகளில் செய்யும். நான்கு திரெட்டுகள் நான்கு கோர்களில் 25 மில்லி செகண்ட் ஓடினால் 4 × 25 = 100. ஒதுக்கீடு மொத்தமும் கால் சுற்றிலேயே தீர்ந்துபோனது. மீதி 75 மில்லி செகண்டுக்கு லினக்ஸ் உங்கள் கன்டெய்னரை அப்படியே நிறுத்தி வைக்கும். அதில் முக்கிய திரெட்டும் அடக்கம். ஒன்றரை டிக் காணாமல் போயிற்று. பேனலின் வரைபடத்திலோ சிபியு பயன்பாடு 60 சதவீதம் என்று சாதுவாகத் தெரியும், ஏனென்றால் அது சராசரி.

இதைக் கண்டுபிடிக்க ஸ்பார்க் என்ற பிளகின் போதும். பிளகின்களை ஏற்கும் பேப்பர் என்ற சர்வர் மென்பொருளின் அண்மைப் பதிப்புகளில் அது கூடவே வருகிறது. மாலை நேரத்தில், ஆட்கள் நிறைந்திருக்கும்போது `/spark tps` என்று அடித்தால் டிக் எடுத்துக்கொண்ட நேரம் நான்கு எண்களாக வரும்: குறைந்தது, நடுவானது, 95 சதவீத டிக்குகள் எதற்குள் அடங்கின, அதிகபட்சம். இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

```
min/med/95%ile/max ms
8.1/19.4/96.2/131.0
```

நடு எண் 19 என்பது அருமையான நிலை. உங்கள் உலகம் கனமாக இல்லை, மாடுகளைக் குறைக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் 95-ஆவது சதவீதம் 96-க்குத் தாவியிருக்கிறது. சாதாரண டிக் லேசாக இருந்து இடையிடையே மட்டும் இப்படித் தூக்கிப்போட்டால் சிபியு எல்லையைச் சந்தேகிக்கலாம். குப்பை அள்ளுவதே நீண்டுபோனாலும் இதே போல் தெரியும் என்பதால், `/spark gc` கொடுத்து அதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். அது சிறியதாக இருந்தும் தாவல் பெரியதாக இருந்தால் ஹோஸ்டிடம் சிபியு எல்லை எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். 200 அல்லது 300 என்றால் நல்லது. பதிலே சொல்லாத கடை என்றால் மாதம் முடிந்ததும் கிளம்பிவிடலாம். மாறாக நடு எண்ணே 45, 50 என்று இருந்தால் சிபியு எல்லையைக் குறை சொல்லிப் பயனில்லை. உங்கள் உலகத்தில் பண்ணை விலங்குகளும் ஹாப்பர்களும் அதிகம், அல்லது அந்த பிராசஸர் பழையது.

விபிஎஸ்ஸில் வெட்டு ஒரு படி கீழே விழுகிறது. உங்களுக்கென்று தனிக் கெர்னல், தனி இயங்குதளம். ஆனால் அவர்கள் சொல்லும் ஒரு விசிபியு என்பது பல இடங்களில் முழுக் கோர் அல்ல, ஒரு கோரின் இரண்டு திரெட்டுகளில் ஒன்று. மலிவான திட்டங்களில் அதே திரெட்டைப் பக்கத்து வீட்டுக்காரரோடும் பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கும். நல்ல விஷயம் என்னவென்றால், பக்கத்து வீட்டுக்காரர் பிடுங்கிக்கொள்ளும் நேரம் இங்கே பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும். `top` ஓடவிட்டால் மேலே ஒரு வரி:

```
%Cpu(s): 31.2 us, 2.1 sy, 0.0 ni, 54.3 id, 0.0 wa, 0.0 hi, 0.4 si, 12.0 st
```

கடைசியில் உள்ள `st` என்பது நீங்கள் ஓடத் தயாராக இருந்தும் சிபியு வேறொருவருக்குப் போய்விட்ட நேரம். 0 அல்லது 1 என்றால் கவலையில்லை. தினமும் மாலையில் 12 என்று நின்றால் அந்த மெஷினில் கேம் சர்வர் உருப்படாது. என்ன டியூனிங் செய்தாலும் வீண், வேறு திட்டத்துக்குத்தான் மாற வேண்டும். அமேசானின் டி3 போன்ற வகைகளில் இன்னொரு கணக்கும் உண்டு. t3.medium-இல் ஒரு விசிபியுவுக்கு அடிப்படை ஒதுக்கீடு 20 சதவீதம் மட்டுமே. அதற்கு மேல் ஓடுவது சேர்த்துவைத்த கிரெடிட்டிலிருந்து கழியும், தீர்ந்த பிறகு கூடுதல் கட்டணம் ஏறும். எந்நேரமும் நொடிக்கு 20 டிக் அடிக்கும் ஒரு சர்வருக்கு இது பொருந்தாத வாடகை முறை.

ரேமில் இரண்டு பக்கமும் ஒரே பொறிதான். 8 ஜிபி வாங்கிவிட்டு ஜாவாவுக்கு `-Xmx8G` கொடுப்பது. அந்த எண் ஜாவாவின் ஹீப்புக்கு, அதாவது விளையாட்டின் தரவுகளை வைக்கும் நினைவகப் பகுதிக்கு மட்டுமே. திரெட்டுகள், நெட்வொர்க் பஃபர்கள், குப்பை அள்ளுபவரின் சொந்தக் குறிப்புகள் எல்லாம் அதற்கு வெளியே இடம் எடுக்கும். முழுவதையும் ஹீப்புக்கே கொடுத்தால் ஒருநாள் எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் சர்வர் பொத்தென்று விழும். பேனலில் `Exit code: 137` என்று வரும். விபிஎஸ்ஸில் `journalctl -k` பார்த்தால் `Out of memory: Killed process` என்றிருக்கும். 8 ஜிபியில் 6-ஐக் கொடுத்துவிட்டு மீதியை விட்டுவைப்பது பாதுகாப்பு.

இனி எழுதப்படாத வாடகை: உங்கள் உழைப்பு. பேனலில் ஜாவா பதிப்பு ஒரு பட்டியலில் தேர்ந்தெடுப்பது. விபிஎஸ்ஸில் மைன்கிராஃப்ட் 1.20.5-க்குப் போகும் நாளில் ஜாவா 21 நிறுவ வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஃபயர்வாலில் 22-ஆம் போர்ட்டை அனுமதித்த பிறகுதான் `ufw enable` கொடுக்க வேண்டும், இல்லையென்றால் சொந்த வீட்டுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். கடவுச்சொல் நுழைவை நிறுத்தி எஸ்எஸ்ஹெச் கீ மட்டும் வைக்க வேண்டும். ஏனென்றால் புதிய ஐபி ஒன்று உயிர்பெற்ற கொஞ்ச நேரத்திலேயே தானியங்கி நிரல்கள் கதவைத் தட்டத் தொடங்கிவிடும். ஜாவாவை ரூட்டாக ஓட்டக்கூடாது. 2021 டிசம்பரில் லாக்4ஷெல் ஓட்டை வெளியானபோது, சாட்டில் ஒரு வரி தட்டச்சு செய்தே சர்வரில் அந்நிய நிரலை ஓட்ட முடிந்தது. அன்று ரூட்டாக ஓடிய சர்வர் முழு மெஷினையும் பறிகொடுக்கும் நிலையில் இருந்தது.

பல இடங்களிலிருந்து போலிப் பாக்கெட்டுகளைக் குவித்துச் சர்வரை முடக்கும் டிடாஸ் தாக்குதல் பெரிய சர்வர்களுக்கு மட்டும் வருவதல்ல. சண்டையில் தோற்ற ஒரு பையன் கோபத்தில் சில்லறைக் காசுக்கு வாங்கி ஏவிவிடலாம். 2016-இல் இணையத்தை உலுக்கிய மிராய் பாட்நெட்டின் வரலாற்றிலேயே மைன்கிராஃப்ட் சர்வர்களுக்கு இடையிலான போட்டி இருக்கிறது. கேம் ஹோஸ்டிங் கடைகளில் நல்லவை விளையாட்டின் பாக்கெட்டையும் குப்பையையும் பிரித்தறியும் வடிகட்டி வைத்திருக்கும். பொதுவான விபிஎஸ் நிறுவனங்கள் சில, தாக்குதல் பெரிதானால் உங்கள் ஐபியையே தற்காலிகமாக அணைத்துவிடும். அவர்களுக்கு அது தீர்வு, உங்களுக்கு அதுவே தாக்குதலின் வெற்றி.

அதனால் முதல் சர்வர் என்றால் என் வாக்கு பேனலுக்கே. ஆனால் வருடச் சந்தா வேண்டாம், மாத வாடகை போதும். விபிஎஸ்ஸுக்கு மாற வேண்டிய நேரம் தானாகத் தெரியும்: வெலாசிட்டி ப்ராக்ஸி வைத்து லாபி, சர்வைவல் என்று இரண்டு மூன்று சர்வர்களை இணைக்க வேண்டும், கூடவே வலை வரைபடமும் டிஸ்கார்ட் பாட்டும் டேட்டாபேஸும் வேண்டும் என்ற நிலை. பேனல் கடையில் ஒவ்வொன்றுக்கும் தனி வாடகை கேட்பார்கள், விபிஎஸ்ஸில் எல்லாம் ஒரே கூரையின் கீழ். லினக்ஸ் பழகிய ஒருவர் குழுவில் இருக்க வேண்டும், அவர் ஊருக்குப் போனால் பார்த்துக்கொள்ள இன்னொருவரும் வேண்டும். இரண்டாமவர் இல்லாத குழு பேனலிலேயே இருக்கட்டும்.

அந்த மாற்றம் வலிக்காமல் இருக்க முதல் நாளே செய்ய வேண்டியது, சொந்த டொமைன் ஒன்று வாங்குவது. பேனலில் ஐபியைப் பலர் பகிர்வதால் உங்களுக்கு வழக்கமான 25565-க்குப் பதில் 25571 போல ஒரு போர்ட் கிடைக்கலாம். `_minecraft._tcp` என்று தொடங்கும் எஸ்ஆர்வி பதிவை டிஎன்எஸ்ஸில் போட்டால் ஆட்டக்காரர்கள் போர்ட் எண்ணைத் தட்டாமல் பெயரை மட்டும் தட்டி நுழையலாம். பின்னால் இடம் மாறும்போது அந்தப் பதிவைத் திருத்தினால் போதும். இடம்பெயரும் முந்தின நாளே அந்தப் பதிவின் டிடிஎல்லை, அதாவது பழைய விவரத்தை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, 300 நொடிக்குக் குறைத்துவிடுங்கள். பிறகு சர்வரை முறையாக நிறுத்தி, எஸ்எஃப்டிபி வழியே கோப்புறை முழுவதையும் இறக்கிப் புது இடத்தில் ஏற்ற வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரின் கோப்புகளை அப்படியே நகலெடுத்தால் பாதி எழுதிய நிலையில் சங்க்குகள் வந்து சேரும். தினசரி பேக்கப்புக்கும் இதே விதி. நிறுத்த முடியாதபோது கன்சோலில்

```
save-off
save-all flush
```

கொடுத்து, நகலெடுத்து முடித்த பிறகு `save-on` கொடுக்க வேண்டும். அந்தக் கடைசி வரியை மறந்தால் உலகம் தானாகச் சேமிப்பதை நிறுத்திவிடும். அதன் பிறகு சர்வர் விழுந்தால் அன்று கட்டியதெல்லாம் போய்விடும். கையால் அடிக்காமல் ஸ்கிரிப்ட்டில் போடுவதாக இருந்தால், நகலெடுக்கும் கட்டளை தோற்றாலும் `save-on` ஓடும்படி எழுதிக்கொள்ளுங்கள்.