ஹீட்டர் உடைஞ்சு போச்சுன்னு எழுதாதீங்க: பாரிஸ்ல வாடகை வீட்டு ஓனருக்கு ஒரு பிரெஞ்சு லெட்டர்

எனக்கு வேலை அடுத்தவங்களுக்கு லெட்டர் எழுதிக் கொடுக்கறது. பிரெஞ்சுல எக்ரிவான் புப்ளிக்னு சொல்வாங்க. பாரிஸுக்கு வடக்கே புறநகர்ல ஒரு சங்கத்துல வாரத்துக்கு ரெண்டு சாயங்காலம் உக்காந்திருப்பேன், பாண்டிச்சேரி காரைக்கால் ஆளுங்க, ஈழத்துக்காரங்க எல்லாம் ஃபைலைத் தூக்கிட்டு வருவாங்க. நவம்பர் பொறந்துச்சுன்னா வர்றதுல பாதிப் பேர் குளிர் கேஸ்தான். அதுல போன வருஷம் பார்த்த ஒண்ணை மட்டும் விவரமா எழுதறேன், ஏன்னா ஒரே ஒரு வார்த்தை தப்பாப் போனதுல ஒரு குடும்பம் மூணு வாரம் குளிர்ல நடுங்கிச்சு.

காரைக்கால் தம்பி ஒருத்தர். பொண்டாட்டி, எட்டு மாசக் குழந்தை, ஒரு ஹால் ஒரு பெட்ரூம் உள்ள சின்ன ஃப்ளாட். ரூமை சூடாக்க செவுத்துல மாட்டின ரெண்டு கரண்ட் கோன்வெக்தர், ஹால்ல ஒண்ணு, பெட்ரூம்ல ஒண்ணு. நவம்பர் 12 ஹால்ல இருந்தது நின்னுடுச்சு, அடுத்த நாளே ஏஜென்சிக்குப் போன் பண்ணார், பாக்கறோம்னாங்க, பாக்கலை. அப்புறம் இங்க ரொம்ப வருஷமா இருக்கற ஒரு நண்பர்கிட்ட, அண்ணே ஹீட்டர் ரிப்பேர் ஒரு லெட்டர் எழுதிக் கொடுங்கன்னு கேட்டிருக்கார்.

நம்ம ஊர்ல ஹீட்டர்னா என்ன? பாத்ரூம்ல மாட்டற வெந்நீர் மெஷின்தானே. ரூமை சூடாக்கற சாமானே நம்ம பக்கம் கிடையாது, அதனால அதுக்குத் தனிப் பேரும் கிடையாது. நண்பர் நல்ல மனுஷன், ஆனா போன்லயே கேட்டு எழுதினவர், அவர் காதுல விழுந்தது வெந்நீர் ஹீட்டர்தான். பிரெஞ்சுல அதுக்குப் பேர் ஷோஃப்-ஓ. ரூமை சூடாக்கறது ஷொஃபாஜ். நம்ம காதுக்கு ரெண்டும் அக்கா தங்கச்சி மாதிரி கேக்கும், பிரெஞ்சுக்காரனுக்கு ரெண்டும் வேற வேற சாமான், ரிப்பேர் பாக்க வர்ற ஆளே வேற. லெட்டர் ஷோஃப்-ஓன்னே போச்சு. டிசம்பர் 2 ஒரு பிளம்பர் வந்தார், குழாயைத் திறந்தார், வெந்நீர் கொதிக்கக் கொதிக்க வந்துச்சு, எல்லாம் நல்லா இருக்குன்னு தாள்ல எழுதி தம்பிகிட்ட கையெழுத்து வாங்கிட்டுப் போயிட்டார். கோன்வெக்தரைக் காட்டினப்போ, அது என் வேலை இல்லைன்னு சொன்னாராம், அவர் சொன்னதும் நியாயம்தான். பத்து நாள் கழிச்சு வந்துபோன கூலின்னு 85 ஐரோ பில் தம்பி தலையிலேயே விழுந்துச்சு.

டிசம்பர் 5 அந்த லெட்டரை என்கிட்ட கொண்டு வந்தார். படிச்சா ரெண்டாவது தப்பு ஒண்ணு இருந்துச்சு, அது முதல் தப்பை விட மோசம். "உடைஞ்சு போச்சு"ங்கறதை அப்படியே கஸேன்னு எழுதியிருந்தார், அதுவும் நான் உடைச்சுட்டேன்னு அர்த்தம் வர்ற மாதிரி. இங்க சட்டம் இதுல தெளிவா இருக்கு. 1989 ஜூலை 6 வாடகைச் சட்டத்துல 7-ஆவது பிரிவு என்ன சொல்லுதுன்னா, தினசரிப் பராமரிப்பும் சின்னச் சின்ன ரிப்பேரும் குடியிருக்கறவர் பொறுப்பு, ஆனா சாமான் பழசாகிக் கெட்டுப்போனாலோ கட்டினதுலேயே குறை இருந்தாலோ அது அவர் பொறுப்பு இல்லை. 6-ஆவது பிரிவுப்படி மத்த ரிப்பேர் எல்லாம் ஓனர் செலவு. அப்ப நாமளே உடைச்சேன்னு எழுதிக் கொடுத்தா, இது பழசாகி நின்னது இல்லை குடியிருக்கறவர் பண்ண சேதம், அவரே காசு கட்டட்டும்னு ஏஜென்சி சொல்றதுக்கு வழி நாமளே போட்டுக் கொடுத்த மாதிரி. எழுத வேண்டிய வார்த்தை ஆன் பன். வேலை செய்யலைங்கறது மட்டும்தான் அதுல இருக்கு, யார் குத்தம்ங்கற பேச்சே இல்லை.

புது லெட்டர் எழுதறதுக்கு முன்னாடி தம்பியை வீட்டுக்கு அனுப்பி மூணு வேலை பண்ணச் சொன்னேன். ஒண்ணு, கரண்ட் பெட்டியில கோன்வெக்தருக்கு உண்டான டிஸ்ஜோங்தர், அதாவது ட்ரிப் சுவிட்ச், விழுந்திருக்கான்னு பாக்கறது, ஃப்யூஸ் மாத்தறது எல்லாம் 1987 ஆகஸ்ட் 26 ஆணைப்படி நம்ம வேலை, அதுக்குப் போய் ஓனருக்கு மிரட்டல் லெட்டர் போட்டா நாமதான் அசிங்கப்படணும். அது விழலை, அதே லைன்ல பெட்ரூம் கோன்வெக்தர் ஓடிட்டுதான் இருந்துச்சு. ரெண்டாவது, குடி வந்தப்போ ஓனரும் நாமளும் கையெழுத்துப் போட்ட எத்தா தே லியூ, அதாவது வீடு எந்த நிலையில கைமாறுச்சுங்கற தாள், அதைத் தேடி எடுக்கறது. அதுல ஹால் கோன்வெக்தர் ஓடுது, ஆனா பழசுன்னு எழுதியிருந்துச்சு. அந்தப் "பழசு"ங்கற ஒரு வார்த்தை எங்களுக்குத் தங்கம். மூணாவது, ஒரு சாதாரண தெர்மாமீட்டரை ஹாலுக்கு நடுவுல நாற்காலி மேல வச்சு, காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணுன்னு மூணு நாள் ஃபோட்டோ எடுக்கறது. ஜன்னல் பக்கத்துல வச்சு எடுத்தா யாரும் ஒத்துக்க மாட்டாங்க. 14 டிகிரி காட்டுச்சு. இங்க ரூம் நடுவுல 18 டிகிரியாவது இருக்கணும்ங்கறதுதான் பொதுவா வச்சுப் பேசற கணக்கு.

கேஸ் பாய்லர் வீடா இருந்தா நாலாவதா ஒண்ணு வேணும், வருஷா வருஷம் சர்வீஸ் பண்ண சர்டிஃபிகேட். அந்த சர்வீஸ் குடியிருக்கறவர் செலவு, ஓனர் முதல்ல அதைத்தான் கேப்பார்.

இப்ப லெட்டருக்கு வருவோம். மேல இடது பக்கம் நம்ம பேர் விலாசம், வலது பக்கம் யாருக்குப் போகுதோ அவங்க விலாசம். ஏஜென்சி நிர்வாகம் பண்ற வீடுன்னா ஏஜென்சிக்கு அனுப்பிட்டு ஓனருக்கும் ஒரு காப்பி போடுவேன், ஏன்னா ஏஜென்சி ஓனர்கிட்ட சொல்றதே இல்லைங்கற கேஸ் நிறையப் பாத்துட்டேன். அப்புறம் ஒப்ஜே, அதாவது விஷயம்னு ஒரு வரி, அதுல "மீஸ் ஆன் தெமர், ஷொஃபாஜ் ஆன் பன்". மீஸ் ஆன் தெமர்ங்கறது சும்மா கோரிக்கை இல்லை, கெடு வச்சு கடமையைச் செய்யச் சொல்ற நோட்டீஸ். இந்த வார்த்தை லெட்டர்ல எங்கேயும் இல்லாம வெறும் "தயவு செஞ்சு பாருங்க"ன்னு இருந்தா, பின்னாடி கோர்ட்ல எப்பக் கேட்டீங்கங்கற கேள்வி வரும்.

உள்ள நான் எழுதினதைத் தமிழ்ல சொன்னா இப்படி இருக்கும்: "இந்த விலாசத்துல இருக்கும் வீட்டை உங்களிடம் வாடகைக்கு எடுத்துள்ளேன். நவம்பர் 12 முதல் ஹாலில் உள்ள மின் கோன்வெக்தர் இயங்கவில்லை. 13-ஆம் தேதி தொலைபேசியில் தெரிவித்தேன். நவம்பர் 20 தேதியிட்ட கடிதத்தில் தவறுதலாக வெந்நீர் சாதனம் என்று குறிப்பிட்டுவிட்டேன், பழுதானது அறையைச் சூடாக்கும் சாதனம். டிசம்பர் 2 வந்த பிளம்பர் அதைப் பார்க்கவில்லை. அறையில் வெப்பம் 14 டிகிரி, எட்டு மாதக் குழந்தை இருக்கிறது." தப்பை மறைக்காம நாமளே சொல்லிடறது நல்லது, இல்லேன்னா ஆள் அனுப்பிட்டோமேன்னு அவங்க அதையே பிடிச்சுப்பாங்க.

அதுக்கு அடுத்த பத்தியில சட்டம். ரெண்டே ரெண்டு வரி போதும், நெட்ல கிடைக்கிற பத்துச் சட்டத்தையும் கொட்டினா படிக்கிறவன் இது எங்கேயோ காப்பி அடிச்சதுன்னு தூக்கி ஓரமா வைப்பான். 1989 சட்டம் 6-ஆவது பிரிவு, குடியிருக்கத் தகுந்த வீட்டைக் கொடுக்கணும்னு. அப்புறம் 2002 ஜனவரி 30 ஆணை, அப்படிப்பட்ட வீட்டுல சாதாரணமா சூடாக்கிக்கற வசதி இருக்கணும்னு. அப்புறம் கெடு: கடிதம் கிடைச்சு எட்டு நாளுக்குள்ள சரி பண்ணணும், இல்லேன்னா நீதிபதிகிட்ட போவேன். எட்டு நாள்ங்கறது சட்டத்துல இல்லை, நியாயமான கெடுவா இருக்கணும் அவ்வளவுதான், குளிர்காலம், கைக்குழந்தை வேற, அதனால எட்டு வச்சேன். மே மாசமா இருந்தா ஒரு மாசம் வச்சிருப்பேன்.

கடைசியில "சலுத்தாசியோன் திஸ்தாங்கே"ன்னு முடியற அந்த நீளமான மரியாதை வரி. எவ்வளவு கோவம் இருந்தாலும் அது வேணும். தம்பி சிரிச்சார், "அக்கா, குளிர்ல சாகறேன்னு எழுதிட்டு இவ்ளோ பெரிய வணக்கமா?" ஆமாம்பா, இங்க அப்படித்தான், வழக்குப் போடுவேன்னு சொல்றதும் வணக்கத்தோடதான்.

அனுப்பறது தபால் ஆபீஸ்ல ரெக்கோமாந்தே, வாங்கினவர் கையெழுத்துப் போட்ட அட்டை நமக்குத் திரும்ப வர்ற வகை. ஈமெயில் மட்டும் போதாதான்னு எல்லாரும் கேக்கறாங்க. ஈமெயிலும் அனுப்புங்க வேகமாப் போகும், ஆனா கெடு எந்தத் தேதியில ஆரம்பிச்சுச்சுன்னு காட்டறதுக்கு அந்த அட்டைதான். சில ஓனருங்க வேணும்னே போய் வாங்க மாட்டாங்க, 15 நாள் கழிச்சு கவர் உங்ககிட்டயே திரும்பி வரும், அதைப் பிரிக்காம அப்படியே வைங்க, அனுப்பினதுக்கு அதுவே சாட்சி.

இந்த இடத்துல தம்பி கேட்டது எல்லாரும் கேக்கறதுதான்: "ஜனவரி வாடகையை நிறுத்திட்டா தானா வருவாங்கல்ல?" வேண்டவே வேண்டாம். வீட்டுல குடியிருக்கவே முடியாதுன்னு நிரூபிச்சா ஒழிய வாடகையை நாமளா நிறுத்தக் கூடாது, ஒரு கோன்வெக்தர் நின்னதை எல்லாம் அப்படி ஒத்துக்க மாட்டாங்க. நிறுத்தினா ஓனர் பாக்கிக்கு நோட்டீஸ் விடுவார், 2023 ஜூலை சட்டத்துக்கு அப்புறம் அந்தக் கெடு ரெண்டு மாசத்துலேருந்து ஆறு வாரமாக் குறைஞ்சிருக்கு. குளிர்ல இருந்தவர் வாதி, வாடகை கட்டாதவர் பிரதிவாதி, ஒரே மாசத்துல இடம் மாறிடும். வாடகையைக் குறைக்கவோ நிறுத்தி வைக்கவோ நீதிபதியால முடியும், நம்மால முடியாது. அதுக்குப் பதிலா தற்காலிகமா வாங்கற ஆயில் ரேடியேட்டர் ரசீது, ஏறின கரண்ட் பில் எல்லாம் சேர்த்து வைங்க, பின்னாடி நஷ்டஈடு கேக்கலாம். மண்ணெண்ணெய் அடுப்பு, கரி அடுப்பு எதையும் ரூமுக்குள்ள கொளுத்தாதீங்க, கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாம ஆளைக் கொல்லும்.

கெடு தாண்டியும் ஒண்ணும் நடக்கலைன்னா கொன்சிலியாத்தர்னு சமரசம் பண்ணி வைக்கறவர் இருக்கார், காசு இல்லை, பெரும்பாலும் மேரிங்கற நகராட்சி ஆபீஸ்லயே அவரைப் பாக்கலாம். 5000 ஐரோ வரைக்கும் உள்ள பிரச்சனைக்கு இப்படி ஒரு சமரச முயற்சி பண்ணாம நேரா கோர்ட்டுக்குப் போக முடியாது, அவசர கேஸ்ல மட்டும் விலக்கு உண்டு. எந்த வழின்னு குழப்பமா இருந்தா உங்க மாவட்டத்துல ADIL-னு வீட்டு விஷயத்துக்கு ஆலோசனை சொல்ற ஆபீஸ் இருக்கு, அங்க இலவசமா சொல்வாங்க. கட்டடம் முழுக்க பொதுவா சூடாக்கற வீடுன்னா கதை கொஞ்சம் மாறும், மெஷின் கட்டடத்தை நிர்வாகம் பண்ற சாந்திக் கையில இருக்கும், ஆனா நம்ம லெட்டர் அப்பவும் ஓனருக்குத்தான், சாந்திக்கை விரட்டறது அவர் வேலை.

நாங்க அந்த அளவுக்குப் போகலை. டிசம்பர் 9 அனுப்பினோம், 11 கையெழுத்து அட்டை, 18 எலக்ட்ரிஷியன் வந்து பழசைக் கழட்டிட்டு புது கோன்வெக்தர் மாட்டினார், எட்டு நாள் கெடுவுல ஏழாவது நாள். 85 ஐரோவை மட்டும் ஏஜென்சி விட்டுக் கொடுக்கலை. தப்பா எழுதினது நாம, அதனால நானும் அதுக்கு மேல வற்புறுத்தலை, தம்பி ஜனவரியில கட்டிட்டார்.

பிப்ரவரியில பெட்ரூம் கோன்வெக்தரும் போயிடுச்சாம். இந்த வாட்டி என்கிட்ட வரலை, அவரே எழுதி அனுப்பிட்டு எனக்கு வாட்ஸ்ஆப்ல ஃபோட்டோ போட்டார். ஷொஃபாஜ் சரி, ஆன் பன் சரி, தேதி சரி, ஒப்ஜே வரி சரி. கடைசி வணக்கத்தை மட்டும் காணோம்.