சுகர் 238, ஸ்டிரிப்பில் மட்டும் 'இல்லை'

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு அண்ணாச்சி எங்கள் லேபுக்கு வந்திருந்தார். வெறும் வயிற்றுச் சர்க்கரை 238. கூடவே கொடுத்த சிறுநீரில் ஸ்டிரிப்பை முக்கினால் குளுக்கோஸ் கட்டம் நிறமே மாறவில்லை. "ஒண்ணுக்குல சீனி இல்லன்னா நல்லதுதான தம்பி?" என்றார்.

எனக்கு உறுத்தியது. ரத்தத்தில் ஏறக்குறைய 180-ஐத் தாண்டினால் சர்க்கரை சிறுநீரில் இறங்கத் தொடங்கும். வயதானவர்களுக்கு இந்த வரம்பு கூடுவதுண்டு, ஆனாலும் 238-க்குச் சுத்தமாக ஒன்றுமில்லை என்றால் ஸ்டிரிப்பைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

அந்தச் சின்னக் கட்டத்தில் இரண்டு நொதிகள் உலர்ந்து கிடக்கின்றன. முதலாவது, குளுக்கோஸ் ஆக்சிடேஸ். சிறுநீர் பட்டதும் இது குளுக்கோஸை ஆக்சிஜனோடு சேர்த்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். இரண்டாவதான பெராக்சிடேஸ், அந்தப் பெராக்சைடைக் கொண்டு நிறப்பொருளை ஆக்சிஜனேற்றம் செய்யும். அப்போதுதான் நிறம் மாறும். நாம் பார்ப்பது சர்க்கரையை அல்ல, பெராக்சைடு செய்த வேலையைத்தான்.

வைட்டமின் சி புகுந்து கெடுப்பது இந்த இடத்தில்தான். அது எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும் பொருள். நிறப்பொருளை முந்திக்கொண்டு பெராக்சைடைத் தானே தீர்த்துவிடும். உடம்புக்கு மிஞ்சிய வைட்டமின் சி சிறுநீரில்தான் வெளியேறும்.

அண்ணாச்சியிடம் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் "ஒண்ணுமில்ல" என்றார். சப்பிச் சாப்பிடும் புளிப்பு மாத்திரை ஏதாவது உண்டா என்று கேட்ட பிறகுதான், சளிக்காக 500 மில்லிகிராம் வைட்டமின் சி மாத்திரையை தினம் இரண்டு போட்டுவருவதைச் சொன்னார். அவர் கணக்கில் அது மருந்தே இல்லை! சிறுநீரைப் பெனடிக்ட் கரைசல் என்ற தாமிரக் கரைசலில் கொதிக்க வைத்துப் பார்த்தால் தீருமா என்றால், அதுவும் தீராது. அங்கே வைட்டமின் சியும் சர்க்கரை மாதிரியே தாமிரத்தை ஒடுக்கி நிறம் காட்டும்.

மாத்திரையை நிறுத்தி இரண்டு நாள் கழித்து வரச் சொன்னேன். அன்றைக்கு, ஸ்டிரிப்புக்குச் சொல்லப்பட்ட நேரமான 30 நொடியிலேயே கட்டம் அடர்ந்துவிட்டது.

ரத்தம் காட்டும் கட்டத்திலும் இதே கதை. அங்கே பெராக்சைடு ஏற்கெனவே இருக்கும், ரத்தத்தின் ஹீமோகுளோபினே நொதியின் வேலையைச் செய்யும். அதையும் வைட்டமின் சி அமுக்கலாம். அயோடேட் சேர்த்த ஸ்டிரிப்புகள் ஓரளவு தாங்கும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. ஒரு அம்மா வீட்டில் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிய பாட்டிலில் சிறுநீர் கொண்டுவந்தார். குளுக்கோஸ், ரத்தம் இரண்டு கட்டமும் பாசிட்டிவ். பவுடரில் இருக்கும் ஹைப்போகுளோரைட், நொதியே தேவையில்லாமல் நிறப்பொருளை நேரடியாக ஆக்சிஜனேற்றம் செய்துவிடும். நுண்ணோக்கியில் ஒரு சிவப்பணுகூட இல்லை, ரத்தச் சர்க்கரை 96. எங்கள் புதுக் கப்பில் மறுபடி பிடித்துக் கொடுத்தார், இரண்டு கட்டமும் அசையவில்லை.