படுத்ததும் மறைந்த வீக்கம்: பக்கம் மாறவிருந்த ஒரு குடலிறக்க அறுவை

நிற்கும்போது எலுமிச்சை அளவுக்குப் புடைத்துத் தெரியும் குடலிறக்கம், ஆள் மல்லாந்து படுத்ததும் வயிற்றுக்குள் போய்விடும். அதன் பிறகு இரு பக்கக் கவட்டையும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். முதுகில் ஊசி போட்டுத் தசையும் தளர்ந்துவிட்டால் தொட்டுப் பார்த்தும் பக்கத்தைச் சொல்வது கடினம். அறுவை மேசையில் உடம்பு எந்த அடையாளமும் காட்டாத நோய் இது. அந்த நேரத்தில் நம்ப வேண்டியவை காகிதமும், தோலில் போட்ட குறியும், நோயாளியின் வாயும்தான். தர்மபுரி மாவட்டத்து மருத்துவமனை ஒன்றில், கத்தி படும் முன் தடுக்கப்பட்ட பக்கத் தவறு ஒன்றைத் தியேட்டர் பாதுகாப்புக் குழுவின் பார்வைக்காக இங்கே விளக்குகிறோம். ஆள் அடையாளங்கள் நீக்கப்பட்டுள்ளன.

நோயாளிக்கு வயது 52. பாலக்கோடு பக்கம் தக்காளிப் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை. வலது பக்கக் குடலிறக்கம். வலை வைத்துத் தைக்க முடிவாகியிருந்தது. புறநோயாளிச் சீட்டு, ஸ்கேன் அறிக்கை, ஒப்புதல் படிவம் மூன்றிலும் வலது என்றே இருந்தது. முந்தைய நாள் மாலை தட்டச்சான தியேட்டர் லிஸ்டில் மட்டும் இடது என்று வந்துவிட்டது. பழைய லிஸ்டை நகலெடுத்துப் பெயரையும் வயதையும் மாற்றியவர், பக்கத்தை மாற்ற விட்டுவிட்டார். வலது, இடது இரண்டும் ஆங்கிலத்தில் இரண்டெழுத்துச் சுருக்கமாக எழுதப்பட்டிருந்தன. முதல் எழுத்து மட்டும்தான் வேறு என்பதால், மேலோட்டமாகப் பார்க்கும் கண்ணுக்கு வித்தியாசம் தட்டவில்லை.

இனி காலையில் நடந்தது. வார்டில் பயிற்சி மருத்துவர் வலது கவட்டையில் பால்பாயிண்ட் பேனாவால் சின்னப் பெருக்கல் குறி போட்டிருந்தார். அறுவைக்கு முன் சோப்புப் போட்டுக் குளிக்கச் சொல்வது வழக்கம். குளியலில் பாதி அழிந்த குறி, முடி நீக்கும்போது மீதியும் போயிற்று. தியேட்டர் வாசலில் கேட்ட கேள்வி, "இடது பக்கம் ஹெர்னியாதானே?" என்பது. நோயாளி "ஆமாங்க" என்றார். மயக்க மருந்து மருத்துவர் லிஸ்டைப் பார்த்தார். முதுகு ஊசிக்குப் பக்கம் கிடையாது என்பதால் அந்த இடத்திலும் கேள்வி எழவில்லை. கையையோ காலையோ மரக்கச் செய்யும் ஊசியாக இருந்திருந்தால், எந்தப் பக்கம் என்று ஒருமுறை நின்று கேட்கும் வாய்ப்பாவது கிடைத்திருக்கும். ஸ்க்ரப் நர்ஸ் சுவரில் ஒட்டிய லிஸ்டைப் பார்த்துத் துணியை விரித்தார். கொப்பூழிலிருந்து தொடை நடுவரை பொவிடோன் அயோடின் தடவி, நான்கு துணிகளுக்கு நடுவே திறந்து விட்டது இடது கவட்டை. அறுவை மருத்துவர் கை கழுவி வந்து இடப்பக்கம் நின்றார். அன்று காலை நோயாளியை நிற்க வைத்து அவர் பார்த்திருக்கவில்லை.

வாசலில் கேட்டது, மயக்க மருந்து மருத்துவர் பார்த்தது, துணி விரித்தது, மருத்துவர் நின்ற இடம் என நான்கு சரிபார்ப்புகள் நடந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் நான்கும் ஒரே லிஸ்டிலிருந்து கிளைத்தவை. ஊற்று ஒன்றாக இருந்தால் எத்தனை பேர் பார்த்தாலும் அது ஒரே சரிபார்ப்புதான். பின்னால் வருபவருக்கு முன்னவர் செய்ததே சாட்சியாகிவிடுகிறது. விரித்த துணி இடதைக் காட்டும்போது மனம் இடதை உறுதிப்படுத்தும் தடயங்களையே தேடும். நின்று எதிராகத் தேடாது. இது யாருடைய அசட்டையும் அல்ல, மூளை வேலை செய்யும் விதம்.

தவறைப் பிடித்தது ஐந்தாவது சரிபார்ப்பு. உலகச் சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புப் பட்டியலில் மூன்று நிறுத்தங்கள் உண்டு: மயக்கம் தருமுன், தோலைக் கீறுமுன், நோயாளி அறையை விட்டுப் போகுமுன். இரண்டாவது நிறுத்தத்தில் சுற்று வேலை பார்க்கும் நர்ஸ் லிஸ்டை எடுக்கவில்லை. கையெழுத்தான ஒப்புதல் படிவத்தைக் கையில் பிடித்து வாசித்தார். "வலது" என்று வாசித்தவர் துணியைப் பார்த்து நின்றுவிட்டார். பிறகு தலைமாட்டுக்குப் போய், "அண்ணா, வீக்கம் எந்தப் பக்கம், நீங்களே சொல்லுங்க" என்றார். ஆள் விழித்துத்தான் இருந்தார். பதில்: "சோத்தாங்கைப் பக்கமுங்க சிஸ்டர்."

அந்தப் பதில் காலையிலேயே ஏன் வரவில்லை? "இடதுதானே" என்ற கேள்வியிலேயே விடை இருக்கிறது. பயத்தோடு வந்தவர் மருத்துவமனை ஆட்களின் பேச்சுக்கு மறுப்புச் சொல்ல மாட்டார். மேலும் அவர் புழங்கும் சொற்கள் சோத்தாங்கை, பீச்சாங்கை. வலது, இடது என்பவை அவருக்குக் காதில் விழும் சொற்கள். யோசித்துப் பார்த்தால்தான் பக்கம் பிடிபடும். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் தெலுங்கோ கன்னடமோ பேசுபவர்கள் வந்தால் சொல் இன்னும் வழுக்கும். அங்கே சொல்லை விட விரலை நம்புவது மேல்: "எங்கே வீக்கம், கை வைச்சுக் காட்டுங்க."

உறுதிசெய்ய இருமச் சொல்லிப் பார்க்கலாமே என்று தோன்றும். முதுகில் 3 மில்லி புபிவகைன் ஏறிய பிறகு வயிற்றுத் தசை தளர்ந்திருக்கும். இருமல் பலமாக வராது, வீக்கமும் வெளியே தள்ளாது. வராத வீக்கத்தை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. அதனால் புறநோயாளிச் சீட்டும் ஸ்கேனும் மேசைக்கு வரவழைக்கப்பட்டன. மூன்றும் ஒத்துப்போன பிறகு துணிகள் களையப்பட்டு, தோல் மறுபடி சுத்தம் செய்யப்பட்டு, புதுத் துணி விரிக்கப்பட்டது. இதற்கு 15 நிமிடம் ஆனது. மரத்துப்போன நிலை இரண்டு மணி நேரமாவது நிற்கும்; அறுவைக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் போதும். எனவே ஊசியைத் திரும்பப் போட வேண்டியிருக்கவில்லை.

தவறி இடதைக் கீறியிருந்தால் அங்கே குடலிறக்கப் பை இருந்திருக்காது. தேடும்போது விந்துக் குழாயையும் விரைக்குப் போகும் ரத்த நாளங்களையும் பிரித்துப் பார்க்க நேரும். அவற்றில் காயம் படலாம். "சின்னதாக இருக்கும் போல" என்று வலையும் வைக்கப்பட்டிருக்கலாம். வலது பக்கத்தை எப்படியும் திறந்தே ஆக வேண்டும். அங்கேயும் காயம் பட்டால் இரு விரைகளுக்குமே ஆபத்து.

குழு முடிவெடுக்க வேண்டிய மாற்றங்கள் இவை. குறியை அறுவை செய்பவரோ அவரோடு மேசையில் நிற்கப்போகும் மருத்துவரோதான் போட வேண்டும்; அதுவும் ஊசிக்கும் மயக்கத்துக்கும் முன், நோயாளியை நிற்க வைத்து, இரும வைத்து, வீக்கத்தைக் கண்ணால் பார்த்த பிறகு. தோலுக்கான அழியா மார்க்கர் வேண்டும். பெருக்கல் குறி வேண்டாம். ஒருவருக்கு அது "இங்கே", இன்னொருவருக்கு "இங்கே வேண்டாம்". கீறும் இடத்தை நோக்கிய அம்புக்குறி போதும். அது துணி விரித்த பின்பும் திறந்த பகுதிக்குள் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் துணியை எடுத்துவிட வேண்டும். குறி துணிக்கடியில் இருக்கும் என்று நம்பி மேலே போகக் கூடாது. லிஸ்டில் பக்கம் முழுச்சொல்லாக எழுதப்படட்டும். ஆனால் நிறுத்தத்தில் வாசிக்கப்படுவது ஒப்புதல் படிவமாகவே இருக்கட்டும்.

ஒரு சந்தேகம் மீதியிருக்கிறது. அன்று பிளேடு ஏற்கெனவே கைப்பிடியில் பொருத்தி, தட்டில் மருத்துவரின் கைக்கருகே இருந்தது. நர்ஸ் வாசித்து முடிக்க அரை நிமிடம் தாமதித்திருந்தால் யாரும் காத்திருந்திருப்பார்களா என்பதற்கு எவரிடமும் பதில் இல்லை. பக்கம் உரக்கச் சொல்லப்படும் வரை பிளேடு ஸ்க்ரப் நர்ஸின் பின்மேசையிலேயே இருக்க வேண்டும் என்ற விதியை, முதலில் இந்தத் தியேட்டரில் ஒரு மாதம் நடத்திப் பார்க்கக் கோருகிறோம்.