தியரியில் பாஸ், ரோட்டில் ஃபெயில்: இரண்டு தேர்வுக்கும் நடுவில் இருக்கும் பள்ளம்

எனக்குத் தெரிந்த ஒரு பெண் ஓட்டுநர் உரிமத்துக்கான தியரி தேர்வில் 50க்கு 48 வாங்கினார். சாலைத் தேர்வில் இரண்டு முறை தோற்றார். மூன்றாவது முறைக்கு நாள் கேட்டு அலுவலகத்துக்குப் போனால், கவுண்டரில் இருந்தவர் தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னார்: "அடுத்த காலி நாளுக்குள்ள உங்க தியரி காலாவதி ஆயிடும். அதை முதல்ல எழுதிட்டு வாங்க." இரண்டு வருடமாக அந்த அலுவலகத்துக்கு நடந்தவர் அவர். அந்த ஒரு வரியை இடையில் யாராவது சொல்லியிருக்கலாம். யாரும் சொல்லவில்லை.

தியரி என்பது சாலைத் தேர்வு எழுதுவதற்கான அனுமதிச் சீட்டு. அந்தச் சீட்டுக்குக் காலாவதி தேதி உண்டு. பிரிட்டனில் 2 ஆண்டு. ஜெர்மனியில் 12 மாதம். பிரான்ஸில் 5 ஆண்டு, ஆனால் அதற்குள் 5 முறைதான் சாலைத் தேர்வுக்குப் போகலாம். இந்தியாவில் தியரி முடிந்ததும் கையில் கிடைப்பது எல்எல்ஆர். அது 6 மாதம் செல்லும், முதல் 30 நாளுக்குள் சாலைத் தேர்வு கிடையாது. உங்கள் நாட்டில் எவ்வளவு என்பதைச் சீட்டு கைக்கு வந்த அன்றைக்கே பார்த்து, சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

பலர் ஏமாறும் இடம் எண்ணிக்கையில் இருக்கிறது. சாலைத் தேர்வுக்கு முன்பதிவு செய்த நாள் கணக்கில் வராது. நீங்கள் வண்டியில் உட்காரும் நாளில் தியரி உயிரோடு இருக்க வேண்டும். அந்தப் பெண்ணின் கணக்கைப் பாருங்கள். மொத்தம் 24 மாதம். வகுப்பு, பயிற்சி, தயக்கம் எல்லாம் சேர்ந்து 14ஆவது மாதத்தில்தான் முதல் சாலைத் தேர்வு. தோற்றார். அடுத்த காலி நாள் 5 மாதம் தள்ளிக் கிடைத்தது, அதாவது 19ஆவது மாதம். மறுபடியும் தோற்றார். இன்னொரு 5 மாதம் சேர்த்தால் சரியாக 24. கிடைத்த நாளோ அதைத் தாண்டி ஒன்பது நாள் தள்ளி இருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

தேர்வை அலுவலகமே ரத்து செய்தாலும், மழை என்றாலும், அதிகாரி லீவு என்றாலும், தியரியின் காலத்தை நீட்டித் தருவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். அவர்கள் தள்ளிவைத்ததற்கும் நஷ்டம் உங்களுக்குத்தான். அதனால் முதல் சாலைத் தேர்வை, பின்னால் இரண்டு முறை தோற்பதற்கு இடம் விட்டு வையுங்கள். 24 மாதச் சீட்டு, காத்திருப்பு 5 மாதம் என்றால், 12ஆவது மாதத்துக்குள் முதல் தேர்வு முடிந்திருக்க வேண்டும். இன்னொன்று: தியரிச் சான்றில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கின்றனவா என்று இப்போதே பாருங்கள். தேர்வு நாள் காலையில் இந்த வித்தியாசம் தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், கட்டிய பணமும் போகும்.

சரி, சீட்டு செல்லுபடியாகிறது, நாளும் கிடைத்துவிட்டது. 48 மதிப்பெண் வாங்கியவர் ஏன் தோற்றார்?

பயிற்சிப் பள்ளியில் பலர் சொல்லும் வசனம் ஒன்று உண்டு. "தியரி முடிஞ்சுதா, அதை மறந்துடுங்க, இனிமே கை பழக்கம்தான்." இதைவிடக் கெடுதலான அறிவுரையை நான் கேட்டதில்லை. சாலைத் தேர்வு அதே கேள்விகளைத்தான் கேட்கிறது, வாயால் கேட்பதில்லை. பதில் உங்கள் காலிலும் கண்ணிலும் தெரிய வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தேர்வு அதிகாரிக்கு உங்கள் மனதில் என்ன இருக்கிறது என்று தெரியாது. அவர் பார்த்ததைத்தான் எழுதுவார்.

நிறுத்தப் பலகையை எடுத்துக்கொள்வோம். தியரியில் இது இலவச மதிப்பெண்: கோட்டுக்கு முன் முழுவதுமாக நிற்க வேண்டும். எல்லோருக்கும் தெரியும். சாலையில் பத்துப் பேரில் பலர் வேகத்தை நடக்கும் வேகத்துக்குக் குறைத்து, இரண்டு பக்கமும் பார்த்து, யாரும் இல்லை என்று மெல்ல நகர்ந்துவிடுவார்கள். அவர்கள் மனதில் அது "நின்றாகிவிட்டது". அதிகாரியின் தாளில் அது நிற்காதது. வண்டி உண்மையாக நின்றால், கடைசி நொடியில் உடம்பு ஒரு சின்ன ஆட்டம் பின்னால் சாயும். பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கும் அது தெரியும். அந்த ஆட்டம் வரவில்லை என்றால் சக்கரம் இன்னும் உருண்டுகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கோட்டிலிருந்து சாலை தெரியவில்லை, ஒரு மதிலோ நிறுத்திய வேனோ மறைக்கிறது என்றால் என்ன செய்வது? முதலில் கோட்டில் நிற்க வேண்டும். அப்புறம் ஊர்ந்து, தெரியும் இடம் வந்ததும் மறுபடி நிற்க வேண்டும். தெரியவில்லை என்பதால் நேராகத் தெரியும் இடத்தில் போய் நின்றவர்கள் கோட்டைத் தாண்டியதாகத்தான் கணக்கு.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் வழிவிடு பலகை. அங்கே சாலை காலியாக இருந்தால் நிற்கவே தேவையில்லை. பயத்தில் எல்லா இடத்திலும் நின்று நின்று போகிறவர்கள், 'எச்சரிக்கையாகத்தானே ஓட்டினேன்' என்று அழுவதைப் பார்த்திருக்கிறேன். காரணமில்லாமல் நிற்பது தேவையற்ற தயக்கம் என்ற பிழையாகப் பதிவாகும். இரண்டு பலகைக்கும் உள்ள வித்தியாசத்தைத் தியரியில் சரியாக டிக் அடித்தவர்தான், சாலையில் இரண்டுக்கும் ஒரே மாதிரி நிற்கிறார்.

அடுத்தது கண்ணாடி. சந்திப்புகளில் சரியாகப் பார்க்காததும், திசை மாறும்போது கண்ணாடியைச் சரியாகப் பயன்படுத்தாததும் பிரிட்டனில் அதிகம் பேர் தோற்கும் காரணங்களில் ஆண்டுக்கணக்காக முன்வரிசையில் இருக்கின்றன. இதைக் கேள்விப்பட்ட பயிற்சியாளர்கள் சிலர், "தலையை நல்லா ஆட்டுங்க, அவருக்குத் தெரியணும்" என்கிறார்கள். தலையாட்டல் மட்டும் போதாது. பார்த்ததால் வண்டியில் என்ன மாறியது என்று அதிகாரி பார்க்கிறார்.

ஒரு காட்சி. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள். முன்னால் 80 மீட்டரில் ஒரு லாரி ஓரமாக நிற்கிறது. இந்த வேகத்தில் நொடிக்குக் கிட்டத்தட்ட 14 மீட்டர் போகிறீர்கள், ஆக கையில் சுமார் 6 நொடி இருக்கிறது. முதல் வேலை நடுக் கண்ணாடி, அப்புறம் நீங்கள் விலகப்போகும் பக்கத்துக் கண்ணாடி. பக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், அவர் போகட்டும். அந்தக் காலை எடுத்ததுதான் கண்ணாடி பார்த்ததற்குச் சாட்சி. அவர் போனதும் இன்டிகேட்டர், தோளுக்கு மேல் ஒரு பார்வை, பிறகு மெதுவாக விலகல். லாரிக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு கதவு திறக்கும் அளவு, சுமார் ஒரு மீட்டர் இடைவெளி. தாண்டியதும் மறுபக்கக் கண்ணாடியைப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே வர வேண்டும்.

இப்போது அந்தப் பெண் செய்தது. 20 மீட்டர் வரை நேராக வந்தார். இன்டிகேட்டரைப் போட்டார், அதோடு சேர்த்தே கண்ணாடியைப் பார்த்தார், அதோடு சேர்த்தே ஸ்டீயரிங்கைத் திருப்பினார். கண்ணாடியும் பார்த்தார், இன்டிகேட்டரும் போட்டார், தியரிக் கணக்கில் எல்லாமே இருக்கிறது. ஆனால் பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரர் பிரேக் பிடித்தார். அத்தோடு தேர்வு முடிந்துவிட்டது. மீதி ஓட்டம் அவர் அறியாமலேயே வெறும் சவாரி.

தேர்வு அதிகாரிகளின் அளவுகோலே இங்கேதான் இருக்கிறது. அதே பிழை, சாலை காலியாக இருக்கும்போது சிறிய தவறு. உங்களால் இன்னொருவர் வேகத்தையோ திசையையோ மாற்ற வேண்டி வந்தால் அது பெரிய தவறு. பிரிட்டனில் 15 சிறிய தவறு வரை செய்தாலும் பாஸ். பெரிய தவறு ஒன்றே ஒன்று என்றாலும் ஃபெயில். சிறியதையே திரும்பத் திரும்பச் செய்தால் அதையும் பெரியதாக எழுத அவர்களுக்கு உரிமை உண்டு. எல்லா நாட்டிலும் இதே எண்கள் இல்லை, ஆனால் பிறருக்கு இடையூறு நேர்ந்ததா என்று எடைபோடுவது பரவலான வழக்கம்.

இடைவெளி விஷயமும் இதே கதைதான். தியரியில் மீட்டர் கணக்கை மனப்பாடம் செய்கிறோம். வண்டியில் யாரும் மீட்டர் கேட்பதில்லை. முன்வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டியதும், அதே கம்பத்துக்கு நீங்கள் வர இரண்டு நொடியாவது ஆகிறதா என்று எண்ணலாம். 50 கி.மீ. வேகத்தில் அது 28 மீட்டர். ஈரமான சாலையில் அதை இரட்டிப்பாக்க வேண்டும். தூறலில் காய்ந்த சாலை இடைவெளியோடு போகிறவரைப் பார்த்தாலே, தியரியில் படித்தது அங்கேயே தங்கிவிட்டது என்று அதிகாரிக்குத் தெரிந்துவிடும்.

வேகப் பலகையில் இன்னொரு கண்ணி. குறைந்த வேகப் பலகையைக் கண்டதும் பிரேக் தேடக் கூடாது. பலகைக்குப் பக்கத்தில் வரும்போதே வேகம் குறைந்திருக்க வேண்டும். வேகம் கூடும் பலகைக்குப் பிறகும் பழைய வேகத்திலேயே ஊர்வதும் எழுதப்படும். பலகையைப் பார்க்கவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம்.

தோற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. கையில் தரும் தாளை மடித்துப் பையில் போடாதீர்கள். பலர் அதைப் பிரிப்பதே இல்லை, "ஆபீஸர் ரொம்ப ஸ்ட்ரிக்ட்" என்ற பயிற்சியாளரின் ஆறுதலோடு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அந்தப் பெண்ணின் இரண்டு தாளிலும் ஒரே கட்டத்தில்தான் குறி இருந்தது: திசை மாறும்போது கண்ணாடி. முதல் தாளை யாராவது படித்திருந்தால் இரண்டாவது தேர்வில் தேறியிருப்பார். அதிகாரி வண்டியை விட்டு இறங்குவதற்கு முன், எந்த இடத்தில், எந்த வண்டியை வைத்து அந்தக் குறியைப் போட்டார் என்று மரியாதையாகக் கேளுங்கள். பெரும்பாலானோர் சொல்வார்கள். இறங்கிப் போன பிறகு அந்தக் கேள்விக்கு அலுவலகத்தில் பதில் வாங்குவது கடினம். மனு கொடுங்கள், பார்க்கிறோம் என்பார்கள். பிரிட்டனில் அதிகாரி விதிமுறை மீறியதாக நிரூபித்தாலே அதிகபட்சம் மறுதேர்வுதான் கிடைக்கும், முடிவு மாறாது. அந்த மனு நடந்துகொண்டிருக்கும் மாதங்களிலும் தியரியின் நாட்கள் குறைந்துகொண்டே இருக்கும். அதனால் மனு எழுதினாலும், அன்று மாலையே அடுத்த தேர்வுக்கும் முன்பதிவு செய்துவிடுங்கள்.