மஞ்சள் முக்கோணத்துக்குப் பின்னால் இருக்கும் வாக்கியம்

சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டக் கிராணியாக வேலை பார்க்கும் எங்கள் அண்டை வீட்டு அண்ணன், ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் கார் ஒன்றை வாங்கியிருந்தார். ஒரு நாள் காலையில் காரைக் கிளப்பியதும், டிஜிட்டல் மீட்டரில் மஞ்சள் முக்கோணமும் அதனுள் ஓர் ஆச்சரியக்குறியும் தோன்றின. அருகே ஜப்பானிய எழுத்துகளில் இரண்டு வரிகள் இருந்தன. இஞ்சின்தான் கெட்டுவிட்டது என்று பயந்து, அன்று அவர் வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போனார். மாலையில் மொழியை மாற்றிப் பார்த்தபோதுதான், சாவிக்குள் இருக்கும் CR2032 பேட்டரி தீரப்போகிறது என்பதே அந்த அறிவிப்பு என்று தெரிந்தது.

எண்ணெய்க் குவளை, வெப்பமானி போன்ற குறிகள் உலகெங்கும் ஏறக்குறைய ஒரே வடிவில் இருப்பதால், அவற்றைப் புரிந்துகொள்ள மொழி தேவையில்லை. அவை சிவப்பில் எரிந்தால், எந்த மொழிக்காரரும் வண்டியைப் பாதுகாப்பாக ஓரங்கட்டி நிறுத்த வேண்டும். முக்கோணத்தின் நிலை வேறு. தனிக் குறி இல்லாத பலவிதக் கோளாறுகளுக்கும் அது பொதுவான அழைப்பு மணி. யார் அழைக்கிறார் என்பதை அதன் அருகில் உள்ள வாக்கியமே சொல்லும். அதனால்தான் மொழி இங்கே வெறும் வசதியாக இருப்பதில்லை.

அந்த வாக்கியம் சாவியிலிருந்தோ இஞ்சினிலிருந்தோ எழுத்துகளாகப் பயணித்து வருவதில்லை. காரின் கட்டுப்பாட்டுக் கருவிகள் கேன் எனப்படும் கம்பி வலையமைப்பின் வழியே பேசிக்கொள்கின்றன. அதன் வழக்கமான செய்தி ஒன்றில் அதிகபட்சம் 8 பைட் தகவலே அடங்கும். ஆகவே சாவியைக் கண்காணிக்கும் கருவி "இந்த எண்ணுள்ள நிலை ஏற்பட்டுள்ளது" என்று மட்டும் சொல்ல, மீட்டர் தன் நினைவகத்தில் உள்ள வாக்கியப் பட்டியலைத் திறந்து, தேர்ந்தெடுத்த மொழியில் அந்த எண்ணுக்குரிய வரியை எடுத்துத் திரையில் காட்டுகிறது. மொழியை மாற்றும்போது மாறுவது இந்தப் பட்டியல் மட்டுமே. கோளாறும் அதன் பதிவும் அப்படியே இருக்கும்.

மாற்றுவதற்கு முதலில் காரை நிறுத்தி, கியரை P-யில் வைக்க வேண்டும். ஓடும்போது பல கார்களில் இந்த அமைப்பு திறக்காது. ஸ்டீயரிங்கில் உள்ள அம்புக்குறிப் பொத்தான்களால் பல்சக்கரக் குறியைத் தேடிச் செல்ல வேண்டும். ஜப்பானியத் திரையில் அமைப்பு என்பதற்கு `設定` என்றும், மொழி என்பதற்கு `言語` என்றும் இருக்கும். இந்த இரண்டு சொற்களையும் ஒரு தாளில் எழுதி வைத்து உருவத்தை ஒப்பிட்டாலே போதும். மொழிப் பட்டியல் வந்ததும் கவலை தீரும், ஏனென்றால் அங்கே ஆங்கிலம் பெரும்பாலும் `English` என்று தன் பெயரிலேயே இருக்கும். நடுத் திரையில் பாட்டுக்கும் வழிகாட்டிக்கும் மொழியை மாற்றிவிட்டு, மீட்டர் ஏன் மாறவில்லை என்று பலர் கேட்கிறார்கள். பல கார்களில் இரண்டும் தனித்தனி.

அண்ணனின் காரில் அந்தப் பட்டியல் இருந்தது. ஆனால் ஜப்பானிய உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்ட சில கார்களின் மீட்டரில் ஜப்பானிய வாக்கியங்கள் மட்டுமே பதிந்திருக்கும். `言語` என்ற வரியே காணவில்லை என்றால், எவ்வளவு அழுத்தினாலும் ஆங்கிலம் வராது. அப்போது மீட்டரையே மாற்றித் தருவதாகச் சொல்வோர் உண்டு. பழைய மீட்டரில் பதிந்துள்ள ஓடிய தூரம் புதியதோடு பொருந்தாமல் போகக்கூடும் என்பதால், நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அறிவிப்பைப் படமெடுத்துப் பட்டறையில் காட்டி, ஸ்கேனர் கருவியால் கோளாறு எண்ணைப் படிக்கச் சொல்வது மேல். அந்த எண்ணுக்கு மொழி கிடையாது.

அலகுகளை மாற்றுவதற்கும் அதே அமைப்புப் பக்கம்தான். சக்கரக் காற்றழுத்தம் குறைந்தால் வரும் அறிவிப்பில் எண்ணும் சேர்ந்து வருவதால், இதில் கவனம் வேண்டும். அண்ணனின் காரில் கதவோரத்து ஒட்டுத்தாள் 220 கிலோபாஸ்கல் என்கிறது. அவருடைய கைப்பம்பின் முள்ளோ பிஎஸ்ஐ-யில் ஓடுகிறது. 220 கிலோபாஸ்கல் ஏறக்குறைய 32 பிஎஸ்ஐ. மீட்டரில் 190 என்று வந்தால் அது சுமார் 27.5 பிஎஸ்ஐ, அதாவது நான்கைந்து பிஎஸ்ஐ குறைவு. அவர் மீட்டரைப் பம்பின் அலகுக்கே மாற்றிக்கொண்டார். இங்கிலாந்திலிருந்து வந்த கார் என்றால் மைலையும் கிலோமீட்டராக்க வேண்டும், ஏனென்றால் திரையில் 60 என்று தெரியும்போது வண்டி ஏறக்குறைய 97 கிலோமீட்டர் வேகத்தில் போகும்; பல கூட்டரசுச் சாலைகளில் வரம்பே 90.

மாற்றிய பிறகு காரை அணைத்து மீண்டும் கிளப்பிப் பார்க்க வேண்டும். அண்ணன் அப்படிச் செய்தபோது, ஆங்கிலத்தில் சாவியின் பேட்டரி பற்றிய அதே வரி மறுபடியும் வந்தது. மறுநாள் கடையில் 3 வோல்ட் பேட்டரி ஒன்றை வாங்கிச் சாவிக்குள் வைத்ததும், வரியும் முக்கோணமும் மறைந்தன.